தள்ளுபடி ஆசை காட்டுகிறது, குடோனில் இடமில்லை: எத்தனை பெட்டி ஆர்டர் போடுவது?

ஸ்டேஷனரி விநியோகத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. சப்ளையரின் விலைப்பட்டியலில் மூன்று வரிகள். கொஞ்சம் வாங்கினால் ஒரு விலை, அதிகம் வாங்கினால் குறைந்த விலை, இன்னும் அதிகம் வாங்கினால் இன்னும் குறைவு. கடைசி வரியைப் பார்த்ததும் கை தானாக அங்கேதான் போகும். ஆனால் வண்டி வந்து நிற்கும்போது பாதிச் சரக்கை வைக்க இடமிருக்காது.

நானும் அதைச் செய்திருக்கிறேன். ஏ4 காகிதப் பெட்டிகளை நடைபாதையிலும், மீதியைக் கழிவறைக்கு வெளியே இருந்த சுவரோரத்திலும் அடுக்கினோம். மூன்று வாரம் கழித்து அங்கிருந்து எடுத்துக் கொடுத்த பெட்டிகள் வரிசையாகத் திரும்பி வந்தன. காகிதம் ஈரம் குடித்து ஓரம் சுருண்டுவிட்டது, பிரிண்டரில் சிக்குகிறது என்று புகார். தள்ளுபடியில் மிச்சம் பிடித்தது அதிலேயே போயிற்று. அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கை ஒரே ஒரு பொருளை வைத்து முழுசாகச் செய்து காட்டுகிறேன். பொருள் ஏ4 காகிதம், ஒரு பெட்டியில் ஐந்து ரீம். 80 ஜிஎஸ்எம் என்றால் ஒரு ரீம் 2.5 கிலோ, ஒரு பெட்டி 12.5 கிலோ. எடையை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். பணத்துக்கு நாணயப் பெயர் போடவில்லை, உங்களுடையதை வைத்துக்கொள்ளுங்கள். எண்களும் நான் உதாரணத்துக்கு வைத்தவைதான்.

1. முதலில் தள்ளுபடி எந்த வகை என்று கேளுங்கள்

எங்கள் உதாரணப் பட்டியல் இது:

| ஒரு ஆர்டரில் பெட்டிகள் | ஒரு பெட்டி விலை |
|---|---|
| 1 – 199 | 100 |
| 200 – 399 | 98 |
| 400 முதல் | 97 |

400 பெட்டி வாங்கினால் நானூறுக்கும் 97 தானா? அல்லது முதல் 199 பெட்டிக்கு 100, அடுத்த 200 பெட்டிக்கு 98, அதற்கு மேல் உள்ளதற்கு மட்டும் 97 என்று படிப்படியாகவா? பட்டியலைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டாவது வகையில் 400 பெட்டிக்கு 39,597 கட்ட வேண்டும், அதாவது பெட்டிக்குச் சராசரியாக 99. நீங்கள் 97 என்று நினைத்துப் போட்ட கணக்கெல்லாம் அதோடு காலி. போனில் பேசிவிட்டு விடாதீர்கள். 400 பெட்டிக்கு ஒரு விலைப்புள்ளி கேட்டு வாங்கி, மொத்தத் தொகையைப் பெட்டி எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

கீழே உள்ள கணக்கு முதல் வகைக்கு, அதாவது எல்லாப் பெட்டிக்கும் ஒரே குறைந்த விலை என்பதற்கு. இரண்டாவது வகைக்குச் சூத்திரமே வேறு, இதை அப்படியே போடக்கூடாது.

2. இடத்தைப் பெட்டியில் அளந்து பாருங்கள், சதுர அடியில் வேண்டாம்

குடோன் எத்தனை சதுர அடி என்பது இந்தக் கணக்குக்கு உதவாது. இந்தப் பொருளுக்கு என்று ஒதுக்கிய இடத்தில், அடிப்பெட்டி நசுங்காமல், பின்னால் இருப்பதை எடுக்க முன்னால் இருப்பதை நகர்த்தாமல் எத்தனை பெட்டி நிற்கும்? அதுதான் எண். எங்கள் உதாரணத்தில் 40 பெட்டி கொள்ளும் பேலட் ஏழு வைக்கலாம், பக்கத்து அலமாரியில் உதிரியாக 20 பெட்டி வைக்கலாம். ஆக 300.

அந்த அலமாரியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு பேலட்டில் ஆறு பெட்டி மட்டும் மிச்சமிருந்தாலும் அது தரையில் முழு பேலட் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உதிரியை அலமாரிக்கு ஏற்றினால்தான் தரை காலியாகும். காகிதத்தில் 300 கொள்ளும் என்று எழுதிய குடோன், நிஜத்தில் 260க்கே திணறுவது பெரும்பாலும் இதனால்தான்.

3. இரண்டு செலவுகளை நேர்மையாகப் பிடியுங்கள்

ஆண்டுத் தேவை 2,400 பெட்டி, வாரத்துக்கு ஏறக்குறைய 46.

ஒரு ஆர்டர் போட ஆகும் செலவு 150 என்று வைத்துக்கொள்வோம். இதில் 50 ஆர்டர் எழுதுவது, பேசுவது, வந்ததைச் சரிபார்த்து பில் போடுவது ஆகியவற்றுக்கு. மீதி 100 வண்டிக்கு. சரக்கு இறக்கும் கூலியைப் பெட்டிக் கணக்கில் கொடுப்பவர் அதை இங்கே சேர்க்கக்கூடாது. பத்து தடவை வாங்கினாலும் ஐந்து தடவை வாங்கினாலும் ஆண்டுக்கு 2,400 பெட்டியை இறக்கித்தான் ஆகவேண்டும், அந்தக் கூலி மாறாது. எத்தனை தடவை ஆர்டர் போடுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும் செலவுக்கு மட்டும்தான் இங்கே இடம்.

அடுத்தது இருப்பு வைக்கும் செலவு. சரக்கின் விலையில் ஆண்டுக்கு 20% என்று எடுக்கிறேன். முடங்கிய பணத்துக்கு வட்டி 14%, சேதம், காப்பீடு, பழசாகிப் போவது எல்லாம் சேர்த்து 6%.

இங்கே குடோன் வாடகை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன், பலர் தவறுவதும் இங்கேதான். குடோன் உங்களுடையது, அல்லது மாத வாடகை நிலையானது என்றால், நூறு பெட்டி கூட வைத்தாலும் குறைத்து வைத்தாலும் வாடகை மாறாது. அதையும் இந்த சதவீதத்தில் ஏற்றி, கூடவே 300 பெட்டிக்கு மேல் கிடையாது என்று எல்லையும் போட்டால், ஒரே இடத்துக்கு இரண்டு முறை விலை வைத்ததாகும். வாடகையைச் சேர்த்து 35% ஆக்கினால் என்ன ஆகிறது என்று கொஞ்சம் தள்ளிக் காட்டுகிறேன்.

4. விலைக்கு ஒரு அளவு

சிக்கன ஆர்டர் அளவு, பேச்சில் இ.ஓ.க்யூ., 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் எழுதிய சூத்திரம். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அதே:

```
Q  = sqrt(2 * D * S / (i * C))
TC = D*C + (D/Q)*S + (Q/2)*i*C
```

D ஆண்டுத் தேவை, S ஒரு ஆர்டர் செலவு, i இருப்பு வைக்கும் சதவீதம், C ஒரு பெட்டி விலை. முதல் வரி ஆர்டர் அளவைத் தரும், இரண்டாவது வரி ஆண்டு மொத்தச் செலவைத் தரும். தள்ளுபடி இருக்கும்போது இரண்டாவது வரிதான் முக்கியம். சரக்கின் விலையே மாறுவதால் D*C என்ற பகுதியை விட்டுவிட முடியாது.

மூன்று விலைக்கும் முதல் வரியைத் தனித்தனியாகப் போடுங்கள். 100க்கு 190 வருகிறது. 98க்கு 192, 97க்கு 193. விலை கொஞ்சம் குறைந்தால் இந்த அளவு பெரிதாக மாறாது.

இப்போது ஒவ்வொன்றும் அதனதன் படியில் விழுகிறதா என்று பாருங்கள். 190 முதல் படியில் சரியாக இருக்கிறது. 98 விலைக்கு 192 வந்தது, ஆனால் 192 வாங்கினால் 98 தரமாட்டார்கள். அதனால் அந்தப் படியின் தொடக்கமான 200க்கு ஏற்றிக்கொள்கிறோம். அதேபோல் 97க்கு 400. இதற்கு மேல் ஏற்ற வேண்டாம், சிக்கன அளவைத் தாண்டிப் போகப் போகச் செலவு கூடத்தான் செய்யும்.

மூன்றுக்கும் மொத்தச் செலவு:

| ஆர்டர் அளவு | சரக்கு | ஆர்டர் | இருப்பு | மொத்தம் |
|---|---|---|---|---|
| 190 | 240,000 | 1,895 | 1,900 | 243,795 |
| 200 | 235,200 | 1,800 | 1,960 | 238,960 |
| 400 | 232,800 | 900 | 3,880 | 237,580 |

இடப் பிரச்சினை இல்லாதவருக்கு வேலை இங்கேயே முடிந்தது, 400 வாங்கலாம். ஆனால் 190இலிருந்து 200க்குப் போனதில் ஆண்டுக்கு 4,835 மிச்சம், பத்தே பெட்டி கூடுதலாக வைத்து. 200இலிருந்து 400க்குப் போனதில் இன்னும் 200 பெட்டி சுமந்தும் மிச்சம் 1,380 தான். சரக்கில் 2,400, ஆர்டர் செலவில் 900 என்று வந்த லாபத்தில் 1,920ஐ இருப்புச் செலவு தின்றுவிட்டது.

சொன்ன 35% விஷயம்: அந்த சதவீதத்தில் 200க்கு மொத்தம் 240,430, 400க்கு 240,490. முடிவே புரண்டுவிட்டது. வாடகையை இரண்டு முறை எண்ணியதால், 400 லாபமே இல்லை என்று ஒரு பொய்யான பதில். அந்தப் பதிலை நம்பியவர் பின்னால் வரும் வழிகளைத் தேடியே பார்க்கமாட்டார்.

5. எவ்வளவு கொள்ளும்: உச்சத்தைப் பாருங்கள்

கணக்கில் வரும் Q/2 சராசரி இருப்பு. குடோனுக்குச் சராசரி தெரியாது, வண்டி வந்த நாளன்று கொள்ளுமா என்பதுதான் அதற்குத் தெரியும்.

ஆர்டர் போட்டு சரக்கு வர ஒரு வாரம், திடீரென்று விற்பனை கூடினால் சமாளிக்கக் கைக்காவலாக எப்போதும் 40 பெட்டி என்று வைப்போம். அப்படியானால் இருப்பு 86க்கு வந்ததும் (46 + 40) ஆர்டர் போடுகிறோம். சாதாரண வாரத்தில் 46 விற்று, கையில் 40 இருக்கும்போது வண்டி வரும். இதை வைத்துப் பலரும் 300இலிருந்து 40ஐக் கழித்து, 260 வரை ஆர்டர் போடலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

மந்தமான வாரத்தில் என்ன ஆகும்? 20 பெட்டிதான் போகிறது என்றால் வண்டி வரும்போது கையில் 66. கூட 260 வந்தால் 326. அந்த 26 பெட்டிதான் நடைபாதைக்குப் போகும், அங்கிருந்து சுவரோரத்துக்கு. அதனால் மோசமான நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் ஒன்றுமே விற்கவில்லை என்றால் கையில் 86, எனவே பத்திரமான உச்ச ஆர்டர் 214.

200 அதற்குள் அடங்குகிறது. அடுக்கிப் பார்ப்போம். பழைய 86இல் இரண்டு முழு பேலட்டும் உதிரியாக ஆறும். ஆறும் அலமாரிக்குப் போகட்டும். புதிய 200 சரியாக ஐந்து பேலட். ஏழு இடமும் நிரம்பியது, ஒரு பெட்டிகூட வழியில் இல்லை.

இடம் இருக்கிறதே என்று 214 வாங்கலாமா? வேண்டாம். 200க்கு மேல் அந்தப் படியில் லாபம் எதுவுமில்லை, பேலட்டும் உடையும்.

6. 400ஐ விடுவதா? முதலில் அதற்கு ஒரு விலை போடுங்கள்

இடமில்லை என்று சொல்லி நிறுத்திவிடாமல், அந்த இடத்துக்கு நான் எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று கேளுங்கள். பதில் நம் கையில் இருக்கிறது: ஆண்டுக்கு 1,380. அதற்கு மேல் ஒரு காசு செலவானாலும் 200ஏ மேல்.

400 வாங்கினால் சாதாரண வாரத்தில் உச்சம் 440, அதாவது 140 பெட்டி வெளியே. தினசரி விற்பனையில் 440 இருப்பு 300க்கு இறங்க ஏறக்குறைய 21 நாள் ஆகும். ஆண்டுக்கு ஆறு ஆர்டர், ஆக ஆறு முறை மூன்று மூன்று வாரம்தான் வெளியிடம் தேவை. மாத வாடகைக்கு ஆண்டு முழுக்க இடம் பிடித்தால் மாதம் 115க்கு மேல் தாங்காது, மூன்றில் இரண்டு பங்கு நாள் அது சும்மா கிடக்கும். நாள் கணக்கில் கிடைத்தால் ஒரு முறைக்கு 230 வரை போகலாம்.

ஆனால் அந்த 230க்குள் வாடகை மட்டும் அடங்கினால் போதாது. 140 பெட்டி என்றால் 1,750 கிலோ. அது அங்கே இறங்க வேண்டும், மறுபடி ஏறி இங்கே வர வேண்டும், இரண்டாவது கூலி, இன்னொரு வண்டி. அதோடு 400 பெட்டி 5 டன், 200 பெட்டி 2.5 டன். சின்ன வண்டியில் வந்த சரக்குக்குப் பெரிய வண்டி தேவைப்பட்டால், நாம் மாறாது என்று வைத்த 100 மாறிவிடும். ஆறு முறையும் ஐம்பது ஐம்பது கூடினால் 300 போயிற்று, மிச்சம் 1,080. இடத்தைப் பார்க்கப் போவதற்கு முன் வண்டிக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது.

7. பெரும்பாலும் வெல்லும் வழி: ஒரே ஆர்டர், இரண்டு தவணை

சப்ளையருக்கு 400இன் மேல் ஏன் ஆசை? உறுதியான பெரிய ஆர்டர் வேண்டும் என்பதற்காகவா, அல்லது ஒரே வண்டியில் நிரப்பி அனுப்பினால் அவருக்குச் செலவு மிச்சம் என்பதற்காகவா? முதலாவது என்றால் பேச இடமிருக்கிறது. 400க்கு ஆர்டர் கொடுக்கிறோம், 97 விலையில் இப்போது 200, ஒரு மாதம் கழித்து 200 அனுப்புங்கள் என்று கேட்கலாம்.

ஒவ்வொரு தவணைக்கும் சரக்கு வந்தபின் பணம் என்றால்: சரக்கு 232,800. ஆறு ஆர்டருக்கு எழுத்துச் செலவு 300, பன்னிரண்டு வண்டிக்கு 1,200. இருப்பு 200 கணக்கில்தான், 1,940. மொத்தம் 236,240. மேலே பார்த்த மூன்றையும்விடக் குறைவு, 400ஐ ஒரேயடியாக இறக்குவதைவிடவும் 1,340 குறைவு. குடோனிலும் கச்சிதமாக நிற்கிறது.

முழுப்பணமும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் கதை வேறு. சரக்கு அவர் குடோனில் இருந்தாலும் பணம் நம்முடையது, வட்டியை 400 பெட்டிக் கணக்கில் போட வேண்டும். 14% வட்டி 2,716, நம்மிடம் இருக்கும் சரக்குக்கு 6% வழியாக 582, ஆர்டரும் வண்டியும் 1,500. மொத்தம் 237,598. ஒரே தடவையில் 400 வாங்கியதற்கு ஏறக்குறைய அதே செலவுதான், ஆனால் வெளியிடம் வேண்டாம், இரட்டைக் கூலி வேண்டாம், சுருண்ட காகிதமும் வேண்டாம். வெறும் 200ஐவிட இன்னும் 1,362 மிச்சம்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. இரண்டாவது தவணைக்குள் காகித விலை ஏறிவிட்டால், விலை மாறிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். எங்களுக்கும் ஒரு சப்ளையர் அப்படிச் செய்தார். ஆர்டர் தாளிலேயே இரண்டு தவணைக்கும் விலை, பெட்டி எண்ணிக்கை, தேதி மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் 97, 97ஆக நிற்கும். முன்பணம் கொடுத்திருந்தால் இது இன்னும் கட்டாயம், அப்போது சப்ளையர் தடுமாறினால் நம் பணமும் அவரோடு மாட்டும்.

8. மற்ற பொருள்களும் அதே இடத்துக்குத்தான் போட்டி போடுகின்றன

காகிதத்துக்கு ஒதுக்கிய 300ஐ யார் தீர்மானித்தது? பெரும்பாலும் பழக்கம்தான். அதையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். காகிதத்தில் 200இலிருந்து 400க்குப் போனால், கூடுதல் 200 பெட்டி இடத்துக்கு ஆண்டு மிச்சம் 1,380, ஒரு பெட்டி இடத்துக்கு 6.9. இதையே பேனாவுக்கும் போட்டுப் பாருங்கள். பேனா சின்னது, விலை அதிகம். அங்கே அடுத்த தள்ளுபடிப் படிக்கு ஏற 10 பெட்டி இடம்தான் கூடுதலாக வேண்டும், மிச்சம் 600 என்றால், ஒரு பெட்டி இடத்துக்கு 60 வருகிறது. காலியாகும் ஒவ்வொரு இடமும் முதலில் பேனாவுக்கு, பசைக்கு, கால்குலேட்டருக்குத்தான். காகிதமும் ஃபைல் கவர்களும் வரிசையில் கடைசி. பெரிய பொருளில்தான் பெரிய தள்ளுபடி என்று நினைத்துக் குடோனைக் காகிதத்தால் நிரப்பி வைத்திருப்பவர்கள் இதைப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

பள்ளி திறக்கும் பருவத்தில் மட்டும் 400ஐ மறுபடி எடுத்துப் பார்க்கலாம். வாரம் 46 போவது 100 ஆகிறது என்றால் வெளியே நிற்கும் 140 பெட்டி பத்து நாளில் உள்ளே வந்துவிடும், வாடகையும் பாதி. ஆனால் அதே பருவத்தில்தான் நோட்டுப் புத்தகங்களும் மலைபோல் வந்து இறங்கும். எனவே அந்த மாதத்துக்கு 300 என்ற எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். குடோனுக்குள் ஒரு நடை போய், நோட்டுகள் வந்தபின் காகிதத்துக்கு எத்தனை பேலட் இடம் மிஞ்சும் என்று எண்ணிவிட்டு வாருங்கள்.